உருளைக்கிழங்கு படம் போட்ட பாக்கெட்டில் பன்றிக்கொழுப்பு

கேள்வி: மேடம், ரஷ்யாவில் குர்ஸ்க் நகரில் மருத்துவம் முதலாமாண்டு படிக்கிறேன். நான் சைவம். முட்டையும் சாப்பிட மாட்டேன், பால் தயிர் சாப்பிடுவேன். ரஷ்ய எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்டேன், ஆனால் அர்த்தம் புரிவதில்லை. கொழுக்கட்டை மாதிரி பூரணம் வைத்துச் செய்யும் வரெனிகி ஒரு பாக்கெட் வாங்கினேன், முன்பக்கம் உருளைக்கிழங்கு படம் போட்டிருந்தது. “அதில் பன்றிக்கொழுப்பு இருக்கிறது” என்கிறான் அறைத்தோழன். கேஃபிர் என்ற புளித்த பால் டப்பாவின் மேல் இரண்டு தேதி அடித்திருக்கிறார்கள். எது காலாவதி தேதி? இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.
— ஒரு மாணவர், குர்ஸ்க்

பதில்:

உங்கள் அறைத்தோழர் சொல்வது சரிதான், தம்பி. நீங்கள் அனுப்பிய படத்தில் பாக்கெட்டின் பின்பக்கம் நடுவில் Состав என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். ‘சஸ்தாவ்’ என்று படிக்க வேண்டும். அதன் பின்னால் வருவதுதான் உள்ளே போட்ட பொருட்களின் பட்டியல். சில பாக்கெட்டுகளில் எல்லாமே பெரிய எழுத்தில் СОСТАВ என்று அச்சாகியிருக்கும். ஆங்கில எழுத்தாக நினைத்துப் படித்தால் ‘காக்டாப்’ என்று வரும். ஏதோ கம்பெனிப் பெயர் என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

உங்கள் பாக்கெட்டில் பட்டியல் இரண்டு பகுதியாக இருக்கிறது. Тесто, ‘தேஸ்தா’ என்பது மேல்மாவு. அதில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு ஆகியவற்றுடன் яичный порошок என்றிருக்கிறது. ‘யயீச்னி பரஷோக்’, அதாவது முட்டைப் பொடி. அடுத்தது Начинка, ‘நச்சீன்கா’, உள்ளே வைக்கும் பூரணம். அதில் உருளைக்கிழங்கு, தண்ணீர், வெங்காயம், அதற்கடுத்து шпик свиной, பிறகு உப்பு, மிளகு. ‘ஷ்பிக் ஸ்வினோய்’ என்பது பன்றியின் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. வெறும் உருளைக்கிழங்கு மசியல் வறட்டென்று இருக்கும் என்பதால் பன்றிக்கொழுப்பில் வெங்காயத்தை வதக்கிச் சேர்ப்பது அந்த நாட்டு வீட்டுச் சமையலிலேயே உள்ள வழக்கம். தொழிற்சாலைக்காரர்களும் அதையே செய்கிறார்கள். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. படத்தில் இருக்கும் உருளைக்கிழங்கு உள்ளேயும் இருக்கிறது. ஆனால் நம் ஊர் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்து எடுக்கிற வசதி ரஷ்யாவில் கிடையாது. சைவம், அசைவம் என்று குறியிட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. பட்டியலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

எப்படிப் படிப்பது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இறக்குமதி உணவுகளுக்கு ரஷ்ய மொழி லேபிள் தயாரிக்கும் வேலையில் நான் இருந்தபோது எங்களுக்கு வேதப்புத்தகம் மாதிரி இருந்தது ТР ТС 022/2011 என்ற விதிமுறை. 2013 ஜூலையில் இருந்து ரஷ்யாவிலும் அதனுடன் ஒரே சந்தையாக இருக்கும் நாடுகளிலும் உணவு லேபிளுக்கு இதுதான் சட்டம். தயாரிக்கும் நேரத்தில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும், பிறகு இறங்குவரிசை. இதுவரை நம் ஊர் போலத்தான். ஆனால் மொத்த எடையில் 2 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள பொருட்களை, மற்றவற்றுக்குப் பின்னால் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. சைவக்காரருக்கு வேண்டாத ஜெலட்டின், சாயம், நொதி எல்லாம் பெரும்பாலும் இந்தச் சின்ன அளவில் வருபவைதான். முதல் நான்கு சொற்களைப் பார்த்துவிட்டுக் கூடையில் போடுகிறவர் இதைத் தவறவிடுவார். கடைசி முற்றுப்புள்ளி வரை படியுங்கள்.

இன்னொரு சலுகையும் உண்டு, அதுதான் எனக்குப் பிடிக்காதது. பல பொருட்கள் சேர்ந்த ஒரு கலவை, உதாரணத்துக்கு ஒரு மசாலாக் கலவையோ சாஸோ, மொத்தத்தில் 2 சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்றால் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று விரித்து எழுத வேண்டியதில்லை. சேர்க்கைப் பொருட்கள், வாசனைப் பொருட்கள், ஒவ்வாமை தரும் பொருட்கள் ஆகியவற்றை மட்டும் அப்போதும் சொல்லியாக வேண்டும். பால், முட்டை, மீன், வேர்க்கடலை, எள், கடுகு எல்லாம் அந்த ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் அவை ஒளிய முடியாது. மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே துளிகூடக் கூடாது என்பவர், கலவை என்று மொட்டையாக எழுதியிருக்கும் பொருளைத் தவிர்ப்பது நல்லது. லேபிளைப் பார்த்து இதற்கு மேல் கண்டுபிடிக்க வழியில்லை.

பட்டியலின் முடிவில் может содержать следы என்று ஒரு வாக்கியம் வரும். ‘மோஷெத் சதெர்ஷாத் ஸ்லெதீ’: சுவடு இருக்கலாம் என்று பொருள். அதே தொழிற்சாலையில் முட்டையோ பருப்புகளோ கையாளப்படுவதால் ஒட்டிக்கொண்டு வரக்கூடும் என்ற எச்சரிக்கை அது. வேண்டுமென்று சேர்த்ததல்ல. ஒவ்வாமை உள்ளவருக்கு அது தீவிரமான விஷயம். உங்களுக்கு எப்படி என்பது உங்கள் மனசைப் பொறுத்தது.

சரி, கண்ணில் பட வேண்டிய சொற்கள் எவை? இறைச்சியின் பெயர்கள் சிலதான்: говядина ‘கவ்யாதினா’ மாடு, свинина ‘ஸ்வினீனா’ பன்றி, курица ‘கூரித்ஸா’ கோழி, рыба ‘ரீபா’ மீன். கொழுப்புக்கு жир ‘ஷீர்’ என்ற சொல் பொதுவானது, அதைக் கண்டதும் பயப்பட வேண்டாம். அதற்கு முன்னால் என்ன அடைமொழி இருக்கிறது என்று பாருங்கள். растительный ‘ரஸ்தீத்தெல்னி’ என்றால் தாவரம். животный ‘ஷிவோத்னி’, свиной, говяжий என்றிருந்தால் விலங்கு. сало ‘சாலா’, шпик இரண்டுக்கும் அடைமொழி தேவையே இல்லை, பெரும்பாலும் பன்றிதான். முட்டை яйцо ‘யய்த்ஸோ’ என்று நேராக வருவதைவிட, நீங்கள் பார்த்த முட்டைப் பொடியாகவும் меланж ‘மெலாஞ்ஷ்’ என்ற பெயரிலும்தான் அதிகம் வரும். மெலாஞ்ஷ் என்பது உடைத்துக் கலக்கிய முட்டை. பேக்கரிப் பொருட்களில் இதை நிறையப் பார்ப்பீர்கள்.

желатин ‘ஷெலத்தீன்’ நம் ஜெலட்டின்தான். கெட்டியான பழத் தயிர்களிலும், மெல்லும் வகை மிட்டாய்களிலும் தேடுங்கள். அதே மிட்டாய் அலமாரியில் பழத்திலிருந்து எடுக்கும் பெக்டினிலோ கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரிலோ செய்த மார்மலாடும் கிடைக்கும், அது உங்களுக்கு ஆகும். பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று இருக்கும் ஸெஃபிரில் பெரும்பாலும் அகாரோ பெக்டினோதான் இருக்கும். ஆனால் முட்டை வெள்ளைக்கரு இல்லாமல் பொதுவாக அதைச் செய்வதில்லை. பாலாடைக்கட்டியில் பாலைத் திரிய வைக்கும் நொதி எங்கிருந்து வந்தது என்பதைப் பல தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள். அந்த நீளமான வாக்கியத்தில் микробного என்று வந்தால் நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது, животного என்று வந்தால் விலங்கின் வயிற்றிலிருந்து எடுத்தது. сычужный ‘ஸிசூஷ்னி’ என்றிருந்தாலும் பெரும்பாலும் விலங்குதான்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யும் வரைக்கும் ஒரு குறுக்குவழி இருக்கிறது: постный, ‘போஸ்னி’. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் சாப்பிடுவதில்லை. அந்த நாட்களுக்கு ஏற்ற உணவுக்கு இந்தப் பெயர். ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரப் பெரிய நோன்பில் கடைகள் இவற்றைத் தனியாக அடுக்கி வைப்பதும் உண்டு. இந்தச் சொல் போட்ட பிஸ்கட், வரெனிகி, மயோனிஸ் எல்லாம் உங்களுக்கு ஏற்றதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கொழுப்பு குறைந்த இறைச்சியையும் இதே சொல்லால்தான் சொல்வார்கள். ‘போஸ்னயா கவ்யாதினா’ என்றால் கொழுப்பில்லாத மாட்டிறைச்சி! அப்புறம், நோன்பில் சில நாள் மீனுக்கு அனுமதி உண்டு. அதனால் இந்தச் சொல்லைப் பார்த்துப் பாக்கெட்டை எடுங்கள், சஸ்தாவைப் பார்த்து வாங்குங்கள்.

பால் சாப்பிடுவேன் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். заменитель молочного жира என்ற சொற்றொடரைக் கண்டால் அது பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு போட்ட பொருள். சைவத்துக்கு அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் நீங்கள் காசு கொடுத்தது பாலாடைக்கட்டிக்கு. 2019 ஜூலையில் இருந்து கடைகள் இவற்றை உண்மையான பால் பொருட்களிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். அலமாரியில் Продукты без заменителя молочного жира என்ற பலகை இருந்தால் அந்தப் பக்கம் நில்லுங்கள். ‘பெஸ்’ என்றால் ‘இல்லாமல்’.

இனி கேஃபிர். டப்பாவின் மேல்மடிப்பில் முதல் வரி 05.04.25, இரண்டாம் வரி 19.04.25, பக்கத்தில் 10:32. பக்கவாட்டில் பொடி எழுத்தில் Дата изготовления и годен до: см. на верхней части упаковки என்றிருக்கிறது. ‘தாதா இஸ்கதவ்லேனியா’ தயாரித்த தேதி, ‘கோதென் தோ’ இந்தத் தேதி வரை நல்லது, ‘см.’ என்றால் ‘பார்க்க’. அதாவது இரண்டும் டப்பாவின் மேல்பகுதியில் இருக்கின்றன, சொன்ன வரிசையிலேயே. முதலாவது தயாரிப்பு, இரண்டாவது காலாவதி. நாள், மாதம், வருடம் என்ற நம் வரிசைதான் அங்கேயும். தேதி கண்ணில் படாதபோது அந்த ‘см.’ எங்கே என்று தேடுங்கள். அதன் பின்னால் на крышке என்றிருந்தால் மூடியில், на дне என்றால் அடியில், на шве என்றால் பாக்கெட்டை ஒட்டிய தையல் ஓரத்தில். அந்த ஓரத்தில் மை வைக்காமல் அழுத்தி மட்டும் பதித்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

10:32 என்பது உங்கள் கேஃபிரைப் பொறுத்தவரை நிரப்பிய நேரத்தின் பதிவுதான், கவலை வேண்டாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் கெட்டுவிடும் பொருட்களில் மணியும் காலாவதியின் ஒரு பகுதி. கிரீம் கேக், கடையிலேயே சமைத்து விற்கும் ‘குலினாரியா’ பகுதிச் சாலட் போன்றவற்றில் до 14 ч என்று பார்த்தால் அன்று மதியம் இரண்டு மணியோடு சரி. மாறாக, நாள்பட இருக்கும் பொருட்களில் годен до конца என்று போட்டு மாதமும் வருடமும் மட்டும் எழுதியிருப்பார்கள். அந்த மாதக் கடைசி வரை என்று பொருள்.

எல்லாப் பாக்கெட்டிலும் இரண்டு தேதி இருக்காது. பலவற்றில் தயாரித்த தேதி மட்டும் அடித்துவிட்டு, பின்பக்கம் Срок годности என்று எழுதி அதன் எதிரே ஒரு எண் போட்டிருப்பார்கள். ‘ஸ்ரோக் கோத்னஸ்தி’, எவ்வளவு காலம் தாங்கும் என்பது. அப்போது ஒரே ஒரு தேதியைக் கண்டு காலாவதி ஆகிவிட்டதென்று நல்ல பொருளைத் திருப்பி வைக்கவும் வேண்டாம், அதைக் காலாவதி தேதியாக எண்ணிப் பழைய பொருளை எடுக்கவும் வேண்டாம். கூட்டிப் பாருங்கள். உங்கள் கேஃபிரிலேயே 14 суток என்று போட்டிருந்தால் 5ஆம் தேதியோடு 14 நாள் கூட்டினால் 19 வரும். ‘ஸூதக்’ என்பது 24 மணி நேர நாள், சுருக்கமாக сут. என்று வரும். மாதம் мес., மணி ч. ஒரே எழுத்தான г எண்ணுக்குப் பின்னால் வந்தால் கிராமாகவும் இருக்கலாம், வருடமாகவும் இருக்கலாம். 2025 г. என்பது எடை அல்ல.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே வெப்பநிலையும் எழுதியிருக்கும். அதைப் பிரித்துப் படிக்கவே கூடாது. உங்கள் வரெனிகியை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்தது 12.01.25. −18 டிகிரியோ அதற்குக் கீழோ வைத்தால் 180 ஸூதக், −10 என்றால் 30 ஸூதக் என்று இரண்டு கெடு கொடுத்திருக்கிறார்கள். முதல் கணக்குப்படி ஜூலை 11 வரை வரும், இரண்டாவது கணக்குப்படி பிப்ரவரி 11உடன் முடிந்துவிட்டது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை விடுதி ஃபிரிட்ஜ்தான் சொல்ல வேண்டும். உறைபெட்டிக் கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். மூன்று நட்சத்திரம் என்றால் −18, இரண்டு என்றால் −12, ஒன்று என்றால் −6 தான். பழைய சின்ன ஃபிரிட்ஜ் என்றால் ஒற்றை நட்சத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு லேபிளில் கெடுவே கொடுக்கவில்லை என்று அர்த்தம். வாங்கிய ஓரிரு நாளில் சமைத்துவிடுவதுதான் வழி. வரெனிகிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தாலோ பாக்கெட்டுக்குள் பனி மொத்தையாகப் படிந்திருந்தாலோ வழியில் எங்கோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. தேதி எப்படி இருந்தாலும் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே பையில் கட்டித் தொங்கவிடும் மாணவர்களும் உண்டு. பகலில் வெயில் பட்டால் அங்கே வெப்பம் எவ்வளவு ஏறும் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

கேஃபிரில் (4±2) °C என்றிருப்பது 2 முதல் 6 டிகிரி. அத்துடன் после вскрытия என்று ஒரு வரி தேடுங்கள், ‘போஸ்லெ ஃப்ஸ்க்ரீத்தியா’, திறந்த பிறகு. அதன் பின்னால் வரும் நேரம் தனிக் கெடு. மூன்று நாள் என்று போட்டு நீங்கள் 12ஆம் தேதி திறந்தால் 15 உடன் முடிந்தது, மேலே 19 என்று அடித்திருந்தாலும் சரி. 18ஆம் தேதி திறந்தால் மூன்று நாள் கிடைக்காது, 19தான் எல்லை.

கடையிலேயே வெட்டி, சுற்றி, தராசில் எடைச்சீட்டு ஒட்டிய பாலாடைக்கட்டியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அந்தச் சீட்டில் பெரிதாகத் தெரிவது дата упаковки, பொட்டலம் கட்டிய தேதி. கட்டி எப்போது தயாரானது என்பதை அது சொல்லாது. годен до என்று அதில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பெனி பாக்கெட்டையே எடுங்கள். ஒரு சீட்டின் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம். உங்கள் ஊரில் இந்திய மசாலா கிடைத்தால் அதில் ரஷ்ய ஸ்டிக்கர் தனியாக ஒட்டியிருக்கும், அது சட்டப்படி தேவையானது. ஆனால் அதில் உள்ள தேதியும் பாக்கெட்டில் நம் ஊரில் அடித்த தேதியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இந்தியத் தேதியை நம்புங்கள்.

வரெனிகியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது. பன்றிக்கொழுப்பு என்று லேபிளில் எழுதியிருக்கிறார்கள், பொருளில் குறையும் இல்லை. குறையில்லாத பொருளைப் பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ளும் உரிமை அங்கே உணவுக்குக் கிடையாது. காலாவதிப் பொருள் அப்படியல்ல. 1992ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கெடு முடிந்த பொருளை விற்பதையே தடை செய்கிறது. கடைக்காரர்கள் அதற்குச் சொல்லும் பெயர் просрочка, ‘பிரஸ்ரோச்கா’. மஞ்சள் விலைச்சீட்டு போட்ட தள்ளுபடிக் கூடையில் கெடு நெருங்கிய பொருட்கள் கிடக்கும். நெருங்கியிருந்தால் வாங்கலாம், முடிந்திருந்தால் தள்ளுபடியும் செல்லாது. வீட்டுக்கு வந்த பிறகு கவனித்தால் பொருளையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போய்த் தேதியைக் காட்டி ‘வஸ்வ்ராத்’ என்று சொன்னால் போதும், பணம் திரும்பத் தர வேண்டும் என்பதற்கு அந்த ஊர்ச் சொல் அதுதான். கல்லாவில் இருப்பவர் இழுத்தடித்தால் ‘அத்மினிஸ்த்ராத்தர்’ என்று கேளுங்கள், பொறுப்பாளர் வருவார். பில் தொலைந்துபோனாலும் உரிமை போகாது. ஆனால் வாங்கிய கடை அதுதான் என்று காட்ட வேறு ஏதாவது வேண்டியிருக்கும். அட்டையில் பணம் செலுத்தியிருந்தால் வங்கிச் செயலியில் இருக்கும் பதிவைக் காட்டுங்கள்.